காலுறைக்குள்

குன்னூர் குளிரில் வருஷம் முழுக்க சாக்ஸ் கழற்றாத கால் என்னுடையது. தேயிலைத் தொழிற்சாலை ஆபீஸில் கணக்கு வேலை. மார்ச் முடிவு, ஆடிட், போனஸ் பட்டியல் என்று மூச்சுவிட நேரமிருக்காது. (இருந்தது. பயம்தான்.) இடது உள்ளங்காலில் எள்ளளவு இருந்த மச்சம் பிப்ரவரியில் மிளகளவு ஆனது, பிறகு ஓரத்தில் மை கசிந்த மாதிரி பரவியது. "அதிர்ஷ்ட மச்சம்டி" என்றாள் அம்மா. நம்பிக்கொண்டேன்.

ஐப்பசி மழையில் நனைந்த சாக்ஸை உருவினால் ரத்தப் பொட்டு. அக்கா பார்த்துவிட்டாள். "நாளைக்கே கிளம்புடி."

கோவையில் தோல் டாக்டர் லென்ஸ் வைத்துப் பார்த்தார், அளந்தார். 9 மில்லிமீட்டர்.

"6 தாண்டினாலே நாங்க உஷாராயிடுவோம். நம்ம ஆளுங்களுக்கு இந்தப் புற்று அபூர்வம்தான். ஆனா வந்தா பெரும்பாலும் உள்ளங்கால், நகத்தடி. எப்பலேர்ந்து மாறுது?"

"போன மாசம்" என்று தொடங்கி, அக்காவின் முகத்தைப் பார்த்து, "எட்டு மாசமா" என்றேன்.

வெட்டியெடுத்து பயாப்ஸிக்கு அனுப்பினார்கள். பத்து நாளில் ரிசல்ட்.

பர்லியாறு தாண்டும்போது மேனேஜர் போன் செய்தார். ஸ்டாக் கணக்கு எங்கே என்று.

"மேஜை டிராயரில் சார். நான் பத்து நாள் லீவு."