எட்டு மாசம் தூக்கம் இல்லாம இருந்தேன், அதுல சொல்லக்கூடிய பகுதி இது

போன வருஷம் ஒரு எட்டு மாசம் எனக்கு ஒழுங்கா தூக்கமே கிடையாது. எதனால ஆரம்பிச்சுதுன்னு இங்க எழுத மாட்டேன். குடும்பத்துல நடந்த ஒரு விஷயம், அதுல இன்னும் ரெண்டு பேர் இருக்காங்க, அவங்ககிட்ட கேக்காம அவங்க கதைய நான் எடுத்து வெளில வைக்க முடியாது. ஆனா தூக்கம் போனதும் திரும்ப வந்ததும் முழுசா என்னோட விஷயம், அத சொல்லலாம். ராத்திரி ரெண்டு மணிக்கு போன் வெளிச்சத்துல யாரோ இத படிச்சிட்டு இருப்பீங்க, உங்களுக்காகத்தான் எழுதுறேன்.

முதல்ல ரெண்டு வாரம் நான் கண்டுக்கல, மனசு சரியில்லாதப்ப யாருக்குத்தான் தூக்கம் வரும்னு விட்டுட்டேன். ஆனா அந்த பிரச்சனை ஒரு மாதிரி அடங்கின அப்புறமும் தூக்கம் மட்டும் வரல. அங்கதான் பயந்துட்டேன். பயந்து நான் பண்ணது எல்லாமே தப்பு, ஆனா அப்ப அது எல்லாம் ரொம்ப சரியா தோணுச்சு. ராத்திரி ஒன்பதுக்கே போய் படுப்பேன், நிறைய நேரம் படுத்தா கொஞ்சமாவது தூங்குவோமேன்னு. காலைல லேட்டா எந்திரிப்பேன், மதியம் ஒரு மணி நேரம் சாய்வேன், சாயங்காலம் தலை சுத்துதுன்னு காபி குடிப்பேன், மறுபடி ஒன்பதுக்கு படுக்கை. மணி பாப்பேன், இப்ப தூங்கினா அஞ்சு மணி நேரம், இப்ப தூங்கினா நாலுன்னு கணக்கு ஓடிட்டே இருக்கும். கடைசில படுக்கைய பாத்தாலே நெஞ்சு படபடன்னு அடிக்க ஆரம்பிச்சிடுச்சு.

அஞ்சாவது மாசம் டாக்டர பாத்தேன், அவ்வளவு நாள் போகாம இருந்தது எனக்கு இன்னும் வருத்தம். வாரத்துல மூணு ராத்திரியாவது இப்படி இருந்து அது மூணு மாசம் தாண்டினா அது நாள்பட்ட தூக்கமின்மை, அதுக்குன்னு தனியா சிகிச்சை இருக்குன்னு சொன்னாங்க. மாத்திரைதான் குடுப்பாங்கன்னு நினைச்சு போனேன், அவங்க முதல்ல குடுத்தது ஒரு நோட்டு வேலை. எப்ப படுத்தேன், சுமாரா எவ்வளவு தூங்கினேன், எப்ப எந்திரிச்சேன்னு ரெண்டு வாரம் எழுதணும். எழுதி பாத்தா படுக்கைல இருந்தது பத்து மணி நேரம், தூங்கினது அஞ்சரை. மீதி நாலரை மணி நேரம் தினமும் படுத்துக்கிட்டே கவலைப்பட்டிருக்கேன், படுக்கைன்னா முழிச்சிருக்கிற இடம்னு உடம்பு பழகிடுச்சு. இத அவங்க சொன்னப்ப அங்கயே அழுதுட்டேன், ஏன்னா அதுவரைக்கும் எனக்குள்ள என்னவோ நிரந்தரமா கெட்டுப்போச்சுன்னு நம்பிட்டு இருந்தேன்.

அப்புறம் பண்ணது ரொம்ப சாதாரண விஷயங்கள். ராத்திரி எப்படி போனாலும் காலைல ஆறு மணிக்கு எந்திரிக்கணும், லீவு நாள்லயும். தூக்கம் கண்ணுல வந்தாதான் படுக்கணும். ஒரு இருபது நிமிஷம் ஆன மாதிரி தோணியும் தூக்கம் வரலன்னா (மணி பாக்கக்கூடாது) எந்திரிச்சு வேற ரூம்ல மங்கலான வெளிச்சத்துல உக்காரணும், மறுபடி தூக்கம் வந்தா வரணும். மதியத்துக்கு மேல காபி கிடையாது, அதுல இருக்கிற கஃபீன்ல பாதி அஞ்சு ஆறு மணி நேரம் கழிச்சும் உடம்புல இருக்குமாம். படுக்கைல இருக்கிற நேரத்தையும் அவங்க குறைச்சாங்க, அத மட்டும் யாரும் நீங்களா ஆரம்பிக்காதீங்க, வலிப்பு இருக்கிறவங்க, பைபோலார்னு சொல்ற மனநோய் இருக்கிறவங்க, வண்டி ஓட்டுற வேலை பாக்கிறவங்களுக்கு அது ஆபத்தா போகலாம், கேட்டுட்டுதான் செய்யணும்.

முதல் பத்து நாள் முன்ன விட மோசமா இருந்துச்சு, இத யாராவது எனக்கு அழுத்தி சொல்லியிருந்தா நல்லா இருந்திருக்கும், அதான் நான் உங்களுக்கு சொல்றேன். ஒன்பதாவது நாள் நிறுத்திடலாம்னு முடிவே பண்ணிட்டேன். மூணாவது வாரம் ஒரு நாள் காலைல அலாரம் அடிச்சுதான் எழுந்தேன், நடுவுல முழிச்சது ஞாபகமே இல்ல, அப்படியே உக்காந்து ரொம்ப நேரம் ஜன்னல பாத்துட்டு இருந்தேன்.

எல்லாருக்கும் இதேதான் காரணம்னு சொல்ல வரல. பலமா குறட்டை விட்டு மூச்சு நின்னு நின்னு வர்றவங்களுக்கு அது வேற பிரச்சனை, அதுக்கு டெஸ்ட் இருக்கு. வாழவே பிடிக்கலன்னு தோணுச்சுன்னா நோட்டெல்லாம் அப்புறம், இன்னிக்கே பக்கத்துல இருக்கிற ஒருத்தர்கிட்ட சொல்லுங்க, டாக்டர பாருங்க.

எனக்கு தெரிஞ்சவங்க இத படிச்சா காரணம் என்னன்னு மெசேஜ்ல கேக்காதீங்க, ப்ளீஸ். தூக்கத்த பத்தி என்ன கேட்டாலும் பதில் சொல்றேன். போன வாரம்கூட ரெண்டு ராத்திரி வரல, வேற ரூம்ல போய் உக்காந்து துணி மடிச்சேன், ஆறு மணிக்கு எந்திரிச்சேன்.