பரீட்சை நிலையத்தை மாற்றித் தருமாறு விண்ணப்பித்தல்

ச. தர்சிகா,
கடற்கரை வீதி,
வாகரை.
15.06.2026

பரீட்சை ஆணையாளர் நாயகம்,
இலங்கைப் பரீட்சைத் திணைக்களம்,
பெலவத்தை, பத்தரமுல்லை.

ஐயா / அம்மணி,

க.பொ.த. (உயர் தரப்) பரீட்சை 2026: தனிப்பட்ட பரீட்சார்த்தியின் நிலைய மாற்றம்

இவ்வருடப் பரீட்சைக்கு நான் தனிப்பட்ட பரீட்சார்த்தியாக, தமிழ்மொழி மூலம், கலைப்பிரிவில் இரண்டாவது தடவையாக விண்ணப்பித்துள்ளேன். பாடங்கள் தமிழ், புவியியல், இந்து நாகரிகம். அப்போது நாங்கள் திருக்கோவிலில் குடியிருந்ததால், தோற்ற விரும்பும் நகரம் அக்கரைப்பற்று என்று குறிப்பிட்டேன்.

என் அம்மா தாதி உத்தியோகத்தர். விண்ணப்பம் அனுப்பிய பிறகுதான் அவருக்கு வாகரைக்கு இடமாற்றம் வந்தது. மே மாதக் கடைசியில் வாடகை வீட்டை ஒப்படைத்துவிட்டுக் குடும்பமாக இங்கே வந்துவிட்டோம். அப்பா கட்டாரில் வேலை செய்கிறார். அம்மாவுக்கு இரவுக் கடமை வரும் நாட்களில், நாலாம் ஆண்டு படிக்கும் தம்பியுடன் வீட்டில் நான்தான் இருக்க வேண்டும்.

வாகரையிலிருந்து அக்கரைப்பற்றுக்குப் போவதென்றால் பனிச்சங்கேணிப் பாலம் கடந்து, வாழைச்சேனை, மட்டக்களப்பு, கல்முனை என்று நூறு கிலோமீற்றருக்கு மேல் போக வேண்டும். மட்டக்களப்பில் இறங்கி வேறு பஸ் பிடிக்க வேண்டும். எவ்வளவு விடியப் புறப்பட்டாலும் காலை வினாத்தாளுக்கு நேரத்துக்குப் போய்ச் சேர முடியாது. ஒரு நாள் என்றால் எப்படியாவது சமாளிக்கலாம், ஆனால் என் பாடங்கள் மூன்றும் ஒரே கிழமையில் முடிவதில்லை. திருக்கோவிலில் தங்கலாமென்றால், அங்கே எங்களுக்கு இருப்பது சித்தியின் வீடு மட்டும்தான். ஒரே அறை, அதில் பிறந்து இரண்டு மாதமான குழந்தையும் இருக்கிறது.

ஆகவே, வாகரையில் தனிப்பட்ட பரீட்சார்த்திகளுக்கு நிலையம் இருந்தால் அங்கேயும், இல்லாவிட்டால் வாழைச்சேனையிலும் எனக்கு இடம் ஒதுக்கித் தருமாறு தயவுடன் கேட்டுக்கொள்கிறேன். இந்த இரண்டும் முடியாவிட்டால் மட்டக்களப்பு நகரமும் சரி, முதல் பஸ்ஸில் போய்விடுவேன். பாடங்களிலோ மொழியிலோ எந்த மாற்றமும் கேட்கவில்லை.

சென்ற தடவை புவியியலில் மட்டுமே சித்தியடையவில்லை. வாகரைக்கு வந்த அன்று சாமான் பெட்டிகளைப் பிரிக்குமுன் தேசப்படங்களைத்தான் தேடி எடுத்து வைத்தேன். பஸ் கிடைக்காமல் இந்த வருடத்தை இழக்க எனக்கு மனமில்லை.

அம்மாவின் இடமாற்றக் கடிதம், கோறளைப்பற்று வடக்குப் பிரதேச செயலகத்தில் மேலொப்பம் பெற்ற கிராம உத்தியோகத்தரின் வதிவிடச் சான்றிதழ், எனது விண்ணப்பம், தேசிய அடையாள அட்டை ஆகியவற்றின் பிரதிகளை இணைத்துள்ளேன். விண்ணப்பத்திலுள்ள கைத்தொலைபேசி இலக்கம் மாறவில்லை. முகவரி மாறிவிட்டதால் அனுமதி அட்டையை மேலே உள்ள வாகரை முகவரிக்கே அனுப்பிவையுங்கள். பழைய வீட்டில் இப்போது வேறு ஆட்கள் இருக்கிறார்கள்.

நன்றி.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
ச. தர்சிகா