அத்தைக்கு, வெற்றிலைப் பெட்டியோடு

ரங்கூன்,
ஆடி மாதம்

அன்புள்ள அத்தைக்கு,

வணக்கம். மாமாவுக்கும் பாட்டிக்கும் என் வணக்கத்தைச் சொல்லுங்கள். நீங்கள் அனுப்பிய பம்ளிமாஸ் நல்லபடியாக வந்து சேர்ந்தது. இந்த இனிப்பு மோல்மேன் பழத்துக்குத்தான் உண்டு என்று சொல்லிச் சொல்லியே அப்பா பாதியைச் சாப்பிட்டுவிட்டார்.

தம்பியிடம் கொடுத்தனுப்பியிருப்பது ஒரு வெற்றிலைப் பெட்டி. பாகனுக்குப் பக்கத்தில் மியின்கபாவில் செய்தது. கல்யாணத்துக்கு முன்னால் உங்களுக்கு என்ன கொடுக்கலாம் என்று வீட்டில் பேசியபோது சித்தி பட்டுப்புடவை என்றார், பெரியம்மா வெள்ளிக் குங்குமச்சிமிழ் என்றார். எனக்கு இதுதான் மனதில் நின்றது. நாங்கள் மாப்பிள்ளை வீடு பார்க்க வந்த அன்று, சாப்பாடு முடிந்து ஆண்கள் வாசலுக்குப் போன பிறகு, நீங்கள் பிஸ்கட் டின்னைத் திறந்து, ஈரத்துணியைப் பிரித்து, வெற்றிலையின் காம்பைக் கிள்ளி, முதல் மடிப்பை என் அம்மாவுக்குக் கொடுத்தீர்கள். அதுவரை அம்மா கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அப்புறம் நீங்கள் இருவரும் சாயங்காலம் வரை பேசினீர்கள். பெண்ணை இவ்வளவு தூரம் அனுப்புகிறோமே என்று அம்மாவுக்கு இருந்த கலக்கம் அன்றைக்குத்தான் குறைந்தது. பஸ்ஸில் திரும்பும்போது நிம்மதியாகத் தூங்கினார்கள். அதற்கு நான் சொல்லும் நன்றி இது.

பெட்டியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். உள்ளே இருப்பது மூங்கில். மேலே பூசியிருப்பது தித்சி மரத்தின் பால். ஒரு பூச்சுப் பூசி, நிலவறையில் வைத்துக் காயவிட்டு, தேய்த்து, மறுபடியும் பூசுவார்கள். பூவேலையிலும் நிறங்களை ஒவ்வொன்றாகத்தான் ஏற்ற முடியுமாம். ஒரு நிறத்துக்கு உரிய கோடுகளை இரும்பு ஊசியால் கீறி, நிறத்தைத் தேய்த்து, அது காய்ந்து இறுகிய பிறகுதான் அடுத்த நிறம். அதனால்தான் பங்குனியிலேயே சொல்லி வைத்தும் இப்போதுதான் கைக்கு வந்தது. ஊசி பிடித்தவர் மாதிரிப் படம் எதையும் பார்க்காமல் கொடியை நேராகவே கீறினார் என்று, வாங்கி வந்த என் அலுவலகத் தோழி சொன்னாள். அந்தக் கையை நானும் பார்த்திருக்கலாம் என்று ஆசையாக இருக்கிறது.

மூடியைக் கழற்றினால் உள்ளே இரண்டு தட்டுகள் இருக்கும். அடியில் வெற்றிலை, தட்டுகளில் பாக்கும் ஏலக்காயும் வைக்கலாம். சுண்ணாம்பை மட்டும் உங்கள் பழைய பித்தளை டப்பாவிலேயே வைத்துக்கொள்ளுங்கள். வெயிலில் வைக்க வேண்டாம், வெந்நீரும் சோப்பும் வேண்டாம், மெல்லிய துணியால் துடைத்தால் போதும். தயவுசெய்து கண்ணாடி அலமாரியில் வைத்து அழகு பார்க்காதீர்கள் அத்தை. தினமும் சாப்பாட்டுக்குப் பிறகு உங்கள் கைக்கு எட்டும் இடத்தில் இருக்க வேண்டும் என்றுதான் கேட்டு வாங்கினேன்.

மூடியின் உட்புறத்தைத் திருப்பிப் பாருங்கள். உங்கள் பெயரும் அம்மாவின் பெயரும் தமிழில் இருக்கும். நான் காகிதத்தில் எழுதிக் கொடுத்ததைப் பார்த்து, தமிழ் தெரியாத அந்தப் பெரியவர் ஒரு புள்ளி கூட விடாமல் பொறித்திருக்கிறார்.

ஒன்றை உங்களிடம் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். உங்கள் வீட்டுக்கு வரப்போவதில் எனக்கு நிறைய சந்தோஷம். உங்கள் மகனின் நிதானத்தை எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. ஆனால் அம்மாவை விட்டு வருவது கஷ்டமாகத்தான் இருக்கிறது. அம்மா மோல்மேனுக்கு வந்தால் சம்பந்தி வீடு என்று கூச்சப்பட்டு அன்றைக்கே கிளம்பப் பார்ப்பார்கள். அப்போது நீங்கள் அதட்டி உட்கார வைத்து இந்தப் பெட்டியைத் திறக்க வேண்டும். நான் சொன்னால் கேட்க மாட்டார்கள், நீங்கள் சொன்னால் கேட்பார்கள்.

உங்களுக்கும் மாமாவுக்கும் சரி என்றால், ஆவணியில் முகூர்த்தத்தன்று சம்பந்திகள் தாம்பூலம் மாற்றும்போது வெற்றிலையை இதிலிருந்தே எடுத்துக் கொடுங்கள். அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. தம்பி ஞாயிறு வரை அங்கே இருப்பான், உங்கள் பதிலை அவனிடம் சொல்லி அனுப்புங்கள்.

உங்கள் ஆசியை வேண்டும் மருமகள்,
செல்வி