செமினார் குறிப்பு: கடலூரில் அலையைத் தாங்கியது மரமா, மேடா?

எம்.எஸ்சி. கடலோரச் சூழலியல், இரண்டாம் ஆண்டு, புதுச்சேரி
வெள்ளிக்கிழமை செமினார், பிற்பகல் 2.30

எடுத்துக்கொண்ட கட்டுரை: ஃபின் டேனியல்சன் குழுவினர் எழுதிய "ஆசிய சுனாமி: கடலோரத் தாவரங்களின் பாதுகாப்புப் பங்கு". 'சயன்ஸ்' இதழ், தொகுதி 310, பக்கம் 643, 28 அக்டோபர் 2005.

(ஒரு பக்கத்துக்குள் சுருக்கச் சொன்னார்கள். இந்தக் கட்டுரையே இதழில் ஒரே பக்கம்தான். அதில் இல்லாத சண்டையையும் சேர்க்க வேண்டியிருந்ததால், எழுத்தைச் சிறிதாக்கி தாளின் இரண்டு புறத்தையும் எடுத்துக்கொண்டேன். தாள் ஒன்றுதான்.)

கேள்வி

கரையோரத்தில் மரங்கள் இருந்தால் சுனாமியின் சேதம் குறையுமா? குறையும் என்று அலைத்தொட்டிச் சோதனைகளும் கணக்கு மாதிரிகளும் 2004க்கு முன்பே சொல்லியிருந்தன. நிஜ சுனாமி ஒன்றில், நிஜக் கரையில் அளந்து பார்த்த சான்றுதான் குறைவு. 2004 டிசம்பர் 26 அந்த வாய்ப்பைக் கொடுத்துவிட்டது. வாய்ப்பு என்று எழுதக் கை கூசுகிறது, ஆனால் ஆய்வு அப்படித்தான் தொடங்குகிறது.

ஏன் கடலூர்?

இந்தியப் பெருங்கடலைச் சுற்றி அத்தனை கரைகள் அடிவாங்கியிருக்க, இவர்கள் கடலூர் மாவட்டத்தைத் தேர்ந்தெடுத்ததற்கு மூன்று காரணங்கள் சொல்கிறார்கள். இங்கே கரை ஏறக்குறைய நேர்கோடு. கடற்கரையின் சரிவும் கடலுக்கடியிலுள்ள கண்டத்திட்டின் சரிவும் நெடுக ஒரே மாதிரி. அதனால் வந்து மோதிய அலை இடத்துக்கு இடம் பெரிதாக மாறியிருக்காது என்று எடுத்துக்கொள்ளலாம். மூன்றாவது, மரமுள்ள கரையும் மொட்டைக் கரையும் மாறி மாறி வருகின்றன: தெற்கே பிச்சாவரம் பக்கம் அலையாத்திக் காடு, வடக்கே சவுக்குத் தோப்புகள், நடுவே வெறும் மணல். இயற்கையே வைத்துக்கொடுத்த சோதனைக்களம் என்பது அவர்கள் வாதம். கட்டுரை முழுவதும் இந்த ஒரு வாதத்தின் மேல்தான் நிற்கிறது. கீழே குறைபாடுகளில் மறுபடியும் இதற்கு வருகிறேன்.

முறை

சுனாமிக்கு முந்தைய மரப்பரப்பு வரைபடத்தையும் பிந்தைய செயற்கைக்கோள் படத்தையும் ஒன்றின் மேல் ஒன்று வைத்துப் பார்த்திருக்கிறார்கள். தாவரத்தை அடர்த்தி வாரியாகப் பிரித்து, எந்த அடர்த்தியில் எவ்வளவு இடம் சேதமடைந்தது என்று புள்ளியியல் முறையில் ஒப்பிட்டார்கள். நேரில் போயும் அளந்தார்கள். இவ்வளவுதான். விவரங்கள் இதழின் பக்கத்தில் இல்லை, இணைய இணைப்பில் இருக்கின்றன. செமினாருக்கு வருகிறவர்கள் அதையும் ஒரு தடவை புரட்டிவிட்டு வந்தால் நல்லது.

கண்டுபிடிப்புகள்

மரம் இருந்த இடங்களில் சேதம் தெளிவாகக் குறைவு. அடர்த்தி கூடக்கூடச் சேதம் குறைந்திருக்கிறது.

தெற்கே அலையாத்திக் காட்டுப் பகுதியில், கடலை நேரே பார்த்திருந்த ஊர்கள் தரைமட்டமாயின. காட்டுக்குப் பின்னால் இருந்த ஊர்களுக்கு அழிவு இல்லை. அந்த ஊர்களுக்கு வடக்கிலும் தெற்கிலும் மறைப்பில்லாத இடங்களில் அலை புகுந்து சேதம் செய்தது.

வடக்கே சவுக்குத் தோப்புகளுக்குள் ஐந்து ஊர்கள் இருந்தன. ஐந்திலும் பகுதிச் சேதம் மட்டுமே. கடலை ஒட்டி நின்ற ஐந்து முதல் பத்து வரிசை மரங்கள் வேரோடு சாய்ந்தன, அதற்குப் பின்னால் தோப்பு அப்படியே நின்றது.

எல்லா இடத்திலும் மரம் காப்பாற்றியது என்று கட்டுரை சொல்லவில்லை. ஆற்று முகத்துவாரத்தில் அலை ஊரின் ஒரு பகுதியையே துடைத்தெடுத்துவிட்டது.

சரி, எல்லோருக்கும் தெரிந்த அந்த எண்ணுக்கு வருவோம். "100 சதுர மீட்டருக்கு 30 மரம் வீதம் 100 மீட்டர் அகலத்துக்கு நட்டால் சுனாமியின் அழுத்தம் 90 சதவீதத்துக்கு மேல் குறையும்." கடலோர மரநடுகை விழா என்றால் இந்த எண் வராமல் இருக்காது, கூடவே கடலூர் பெயரும் வரும். கட்டுரையைக் கையில் எடுத்துப் படியுங்கள். அந்த வரி முன்னுரையில் இருக்கிறது. முன்பு வெளிவந்த ஒரு கணக்கு மாதிரியிலிருந்து மேற்கோள் காட்டியது அது. "குறைக்கலாம்" என்றுதான் எழுதியிருக்கிறார்கள், "குறைத்தது" என்று இல்லை. கடலூர்க் கரையில் யாரும் அலையின் அழுத்தத்தை அளக்கவில்லை. அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமைக் காலை யார் கருவியோடு கரையில் நின்றிருக்க முடியும்? இவர்கள் அளந்தது சேதத்தின் பரவலை மட்டும். இந்த ஒன்றைப் பிரித்துப் பார்க்காமல் விட்டால் கட்டுரையைத் தலைகீழாகப் படித்தவர்களாகிவிடுவோம். முதல் வாசிப்பில் நானும் அப்படித்தான் படித்தேன்.

குறைபாடுகள்

பெரிய குறை: மரம் தனியாக வருவதில்லை. அலையாத்தி திறந்த கடலின் முகத்தில் வளராது. மணல்திட்டுக்குப் பின்னால், கழிமுகத்தின் சேற்றில் வளரும். எனவே அலையாத்திக்குப் பின்னால் இருக்கும் ஊர் என்றாலே கடலிலிருந்து தள்ளி இருக்கும் ஊர். அது தப்பித்தது காட்டாலா, தூரத்தாலா? சவுக்குக்கும் இதே சிக்கல் உண்டு, அதைப் பெரும்பாலும் மணல்மேட்டில்தான் நடுவார்கள். தப்பித்தது தோப்பாலா, மேட்டாலா? கரைச்சரிவு ஒரே மாதிரி என்று காட்டினால் வந்த அலை சமம் என்று ஆகும். ஊர்கள் சமம் என்று ஆகாது.

இது என் கற்பனைச் சந்தேகம் இல்லை. அதே 2005இல், இதே மாவட்டத்துப் பரங்கிப்பேட்டையிலிருந்து கதிரேசனும் ராஜேந்திரனும் 18 மீனவக் குப்பங்களை ஆராய்ந்து ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். தாவரப் பரப்பு, கடலிலிருந்து தூரம், தரையின் உயரம் மூன்றும் கூடக்கூட உயிரிழப்பும் பொருளிழப்பும் குறைந்தன என்றார்கள். அடுத்த ஆண்டே கெர், பேர்ட், கேம்ப்பெல் மூவரும் அதே 18 குப்பங்களின் தரவை எடுத்து மறுபடி கணக்கிட்டார்கள். தூரமும் உயரமும் சமமாக உள்ள குப்பங்களை ஒப்பிட்டால், தாவரப் பரப்பின் வேறுபாடு உயிரிழப்பை மாற்றவில்லை என்பது அவர்கள் முடிவு. வெறும் 18 குப்பங்களை வைத்து இரண்டு பக்கமும் அடித்துப் பேச முடியாது என்பது என் கருத்து. ஆனால் டேனியல்சன் குழு தூரத்தையும் உயரத்தையும் தனியாகப் பிரித்துக் காட்டியிருக்க வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

இங்கே ஒரு சொந்தக் கதை, தரவாக எடுத்துக்கொள்ள வேண்டாம். எங்கள் ஊர் கடலூருக்குத் தெற்கே கடலோரத்தில் இருக்கிறது. சவுக்குத் தோப்புதான் காப்பாற்றியது என்று அப்பா சொல்வார். "தோப்பாவது ஒண்ணாவது, மாரியம்மன் கோயில் மேட்டுக்கு ஓடினோம், பொழைச்சோம்" என்று அம்மா சொல்வார். தோப்பும் கோயிலும் ஒரே மேட்டில்தான் இருக்கின்றன. புதுச்சேரியிலும் இதே கதை: பழைய ஊரைக் கல்சுவர்தான் காப்பாற்றியது என்பார்கள், தரையின் உயரத்தை யாரும் பேச மாட்டார்கள்.

இரண்டாவது, பக்கத்துப் பக்கத்து நிலத்துண்டுகள் ஒன்றுக்கொன்று சார்பில்லாதவை அல்ல. ஒரு தோப்பைப் பல துண்டுகளாக எண்ணினால் சான்று பெருகியதுபோலத் தெரியும், உண்மையில் பெருகியிருக்காது.

மூன்றாவது, இங்கே பார்த்தது நிலத்தின், கட்டடத்தின் சேதம். உயிரிழப்பு வேறு கணக்கு. சுமத்ராவின் மேற்கு ஆச்சே கரையில் நடந்து 2011இல் வெளியான ஆய்வில், ஊருக்கு முன்னால் இருந்த தாவரம் உயிரிழப்பைச் சராசரியாக 5 சதவீதம் குறைத்தது. ஊருக்குப் பின்னால் அடர்ந்திருந்த மரங்களோ ஆபத்தைக் கூட்டின. 90 எங்கே, 5 எங்கே! இரண்டும் வேறு வேறு அளவைகள், நேரடியாக ஒப்பிடக் கூடாது. இருந்தாலும் மனதில் 90ஐ மட்டும் வைத்திருப்பவர்கள் இந்த 5ஐயும் பக்கத்தில் வைத்துக்கொள்ளட்டும்.

நான்காவது, புயலுக்கு இதை நீட்டக் கூடாது. காற்று எழுப்பும் அலை சில நொடிகளில் வந்து போகும். சுனாமி பல நிமிடங்கள் நீரைத் தள்ளிக்கொண்டே இருக்கும். 2011 டிசம்பர் 30இல் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையேறியபோது மரங்களே விழுந்து கிடந்ததை இந்த அறையில் பாதிப்பேர் சின்ன வயதில் பார்த்திருப்பீர்கள்.

என் மதிப்பீடு

கேள்வி சரியானது, களம் நல்லது, கவனிப்பும் உண்மையானது. ஊர்களை நேரில் போய்ப் பார்த்து எழுதிய பகுதி எனக்குப் புள்ளியியலை விட நம்பகமாகப் படுகிறது. முடிவுரைதான் தரவைத் தாண்டி ஓடுகிறது. கரையோரக் காட்டைக் காப்பாற்றவும் மறுபடி நடவும் அது சொல்கிறது. அலையாத்தியைக் காக்க மீன்வளம் ஒன்றே போதுமான காரணம், அதில் எனக்கு மறுப்பில்லை. நடுவதில்தான் தயக்கம். சுனாமிக்குப் பின் தமிழகக் கரை நெடுக சவுக்கு நட்டார்கள். சில இடங்களில் அதற்காக மணல்மேட்டையே சமன்செய்ததாகச் சூழலியலாளர்கள் குறைகூறினார்கள். காப்பாற்றியது மேடாக இருந்தால், காவலாளியை அனுப்பிவிட்டு அவன் தொப்பியை மட்டும் வாசலில் மாட்டியதாகிவிடும்.

விவாதத்துக்கு

ஒரே உயரம், ஒரே தூரம், மரம் மட்டும் வேறுபடும் இரண்டு ஊர்களைக் கடலூர் மாவட்டத்தில் காட்ட முடியுமா? மாவட்ட வரைபடம் ஒன்று கொண்டுவருகிறேன். உங்கள் ஊர் கடலோரம் என்றால் வீட்டில் கேட்டு, 2004இல் தண்ணீர் எதுவரை வந்தது, அங்கே அப்போது என்ன நின்றது என்று எழுதி எடுத்து வாருங்கள். மரமா மேடா என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள், பதிலை நாமே ஊட்டிவிட்டதுபோல ஆகிவிடும்.