நைட் ஷிஃப்ட் லாக் - கிச்சன் கேஸ் லீக் (காலை ஷிஃப்ட் இத படிச்சு முடிக்காம மூணாம் கட்டுக்குள்ள போக வேணாம்)

வெள்ளி ராத்திரி ஷிஃப்ட், எழுதுறது சனி காலை 5.20. இடம் மூணாம் கட்டு கிச்சன், அத ஒட்டுன சின்ன முற்றம்.

முதல்ல இப்ப நிலைமை. கேஸ் மொத்தமும் மூடியிருக்கு. பின்கட்டு ஷெட்டுல நாலு சிலிண்டர் வால்வும் மூடியாச்சு, கிச்சன் பின்வாசல்ல வெளிய இருக்கற மஞ்சக் கைப்பிடி லைன் வால்வும் மூடியாச்சு. கைப்பிடி பைப்புக்கு குறுக்க நிக்குது, அப்படி நின்னா மூடியிருக்குன்னு அர்த்தம், பைப்போட நேரா இருந்தா திறந்திருக்கு. செவப்புத் துணி கட்டி வச்சிருக்கேன். மெக்கானிக் வந்து பாத்து இந்த நோட்டுல கையெழுத்து போடற வரைக்கும் யாரும் அந்தத் துணிய அவுக்கக் கூடாது, பால் காய்ச்ச ஒரு நிமிஷம்னாலும் கூடாது.

நடந்தது: 2.40க்கு வாட்ச்மேன் அண்ணன் ரவுண்டு வந்தப்ப முற்றத்து வடிகால் வாய்கிட்ட அழுகுன முட்டைகோஸ் மாதிரி நாத்தம்னு வந்து சொன்னாரு, சாக்கடை அடைப்பா இருக்கும்னு அவரும் நெனச்சாரு நானும் நெனச்சேன். கிட்டப் போய் குனிஞ்சதும் கேஸுன்னு புரிஞ்சுது. நின்னப்ப லேசாத்தான் இருந்துச்சு, முழங்கால் உயரத்துக்கு கீழ மூக்க கொண்டு போனா தாங்கல. சமையல் கேஸ் காத்த விட கனம், அடுப்படில கசிஞ்சது தரையோட தவழ்ந்து படியிறங்கி முற்றத்துப் பள்ளத்துல தேங்கி, மழைத்தண்ணி போற வடிகால் வழியா பின்கட்டு வரைக்கும் போயிருக்கு. முற்றம் திறந்த வானமா இருந்தது நல்லதாப் போச்சு.

ஒரு ஸ்விட்சையும் தொடல. எரிஞ்ச லைட்ட அணைக்கல, அணைஞ்சத போடல, எக்ஸாஸ்ட் ஃபேனும் போடல. அண்ணன் பின்பக்கமா சுத்திப் போய் லைன் வால்வ மூடுனாரு, அப்புறம் சிலிண்டருங்கள. நான் முன்னாடி முகப்புல இருக்கற போர்டுல கிச்சனுக்குப் போற எம்சிபிய மட்டும் இறக்குனேன், அது கேஸ் இருந்த எடத்துலேந்து ரெண்டு கட்டு தள்ளி. வாட்ச்மேன் அண்ணனோட கொசுவத்தி பின்வாசல் படில எரிஞ்சுகிட்டு இருந்துச்சு, அத தண்ணி ஊத்தி அணைச்சாச்சு. ரெண்டாம் கட்டு சாமி ரூம் விளக்கையும் மலையேத்திட்டேன், பெரிய ஆச்சிகிட்ட காலைல நானே சொல்லிக்கறேன், நீங்க யாரும் திரும்ப ஏத்த வேணாம், மெக்கானிக் சரின்னு சொன்னப்புறம் ஆச்சியே ஏத்தட்டும்.

ரெண்டாம் கட்டு ரூம் 5, ரூம் 6 கெஸ்ட் அஞ்சு பேரையும் எழுப்பி முன் திண்ணைல உக்கார வச்சோம். பெல் அடிக்காம கதவத் தட்டிக் கூப்பிட்டோம். 4.15க்கு திரும்பப் போய் படுத்துட்டாங்க. ரூம் 6ல இருக்கற வயசான அம்மாவுக்கு ஏற்கனவே இளைப்பு உண்டுன்னு அவங்க மகன் சொன்னாரு, இப்ப நல்லா இருக்காங்க, ஆனா 7 மணிக்கு ரிசப்ஷன்லேந்து ஒருத்தர் நேர்ல போய் கேளுங்க, போன்ல கேக்க வேணாம். வாட்ச்மேன் அண்ணனுக்கு தலைவலி இருந்துச்சு, காத்தாட உக்காந்தப்புறம் விட்டுடுச்சு, 6 மணிக்கே வீட்டுக்கு அனுப்பிடுறேன். மறுபடி தலைவலி, வாந்தின்னு போன் பண்ணா உடனே ஆஸ்பத்திரிக்கு கூட்டிட்டுப் போகணும், வண்டி சாவி என் டிராயர்ல.

எங்க கசிஞ்சுது: நடு அடுப்பு, அதாவது ரெண்டாவது. அதோட ஹோஸ் அடுப்புக் காலுல உரசிகிட்டு இருக்கு, அந்த எடத்துல ரப்பர் கருகி விரல் நகம் நீளத்துக்கு வெடிப்பு. டார்ச்ச வெளியவே ஆன் பண்ணி எடுத்துட்டுப் போய் நாத்தம் போனப்புறம் 4.30க்கு பாத்தது. அடுப்புத் திருகு எல்லாம் மூடித்தான் இருந்துச்சு, லைன் வால்வுதான் திறந்தே கெடந்துச்சு. ராத்திரி 11 மணிக்கு ஒரு கெஸ்ட்டுக்கு பால் காய்ச்சிக் கொடுத்திருக்காங்க, அதுக்கப்புறம் யாரும் மூடல, 11.30 ரவுண்டுல நானும் வால்வ கையால தொட்டுப் பாக்கல. அது என் தப்பு, எழுதி வைக்கறேன். இன்னிலேந்து நைட் ரவுண்டுல வால்வு பாத்த நேரத்த தனியா எழுதணும்.

ஒன்னாவது மூணாவது அடுப்பு ஹோஸ் கண்ணுக்கு நல்லா இருக்கு, ஆனா கேஸ் இல்லாம சோப்புத் தண்ணி டெஸ்ட் பண்ண முடியாது, அதனால நல்லா இருக்குன்னு நான் சொல்ல மாட்டேன். எவ்வளவு கேஸ் போச்சுன்னும் எடை போட்டுப் பாக்கல.

காலைல வர்றவங்க செய்ய வேண்டியது. கிச்சனுக்குள்ள போறதுக்கு முன்னாடி புதுசா வர்ற ஆள் ஒருத்தர், வெளிலேந்து நேரா வர்றவரு, பீடி தீப்பெட்டி போன் எல்லாத்தையும் முகப்புல வச்சுட்டு, முற்றத்து வடிகால் வாய்கிட்டயும் பின்கட்டுல வடிகால் வெளிய வர்ற குழிகிட்டயும் குனிஞ்சு மோந்து பாக்கணும். எங்க மூக்கு மூணு மணி நேரமா இதுலயே இருந்து பழகிடுச்சு, இப்ப நாங்க நாத்தம் இல்லன்னு சொல்றத நம்பாதீங்க. லேசா வந்தாலும் எல்லாரையும் முன்வாசலுக்கு வெளிய கூட்டிட்டு வந்துட்டு தெருவுலேந்து 1906க்கு போன் பண்ணுங்க, அது கேஸ் லீக்குக்குன்னே இருக்கற நம்பர், 24 மணி நேரமும் எடுப்பாங்க. தீ தெரிஞ்சா 101.

டிபன்: 14 பேர், 8 மணி. சமையல் அண்ணே, வெள்ளைப் பணியாரமும் கவுனி அரிசியும் சொல்லியிருந்தது தெரியும், மாவு அரைச்சு வச்சிருக்கறதும் தெரியும், இன்னிக்கு வேணாம்ணே. பின்கட்டு கோட்டை அடுப்புல விறகு வச்சு சுட்டுடலாம்னு தோணும், அந்த அடுப்புக்கும் வடிகால் குழிக்கும் பத்தடி கூட இல்ல. இட்லி, பொங்கல் வெளில மெஸ்ஸுல சொல்லிட்டேன், 7.30க்கு வந்துடும், காசு ரிசப்ஷன்ல வாங்கிக்கோங்க. காபி, வெந்நீர் முன்கட்டு பேன்ட்ரில இண்டக்‌ஷன்ல. மாவ ஃப்ரிட்ஜுல வச்சா நாளைக்கு ஆகும்.

ஃப்ரிட்ஜும் ஃப்ரீசரும் 2.50லேந்து 4.10 வரைக்கும் கரண்ட் இல்லாம இருந்துச்சு, யாரும் திறக்கல. மீன் டப்பாவ மட்டும் பாத்துட்டு எடுங்க.

மெக்கானிக் 9 மணிக்கு காரைக்குடிலேந்து வர்றேன்னு சொல்லியிருக்காரு. 9.30க்கு வரலன்னா மேனேஜருக்கு போன், அவருக்கு 3 மணிக்கே சொல்லியாச்சு. மெக்கானிக்கிட்ட நடு அடுப்பு ஹோஸ் மட்டும் மாத்தச் சொல்லாதீங்க, மூணையும் மாத்தச் சொல்லுங்க, அடுப்புக் காலுல உரசாத மாதிரி பின்னாடி தள்ளி கிளாம்ப் போடணும். அப்புறம் ஒரு சிலிண்டர மட்டும் மெதுவா திறந்து, லைன் வால்வ திறந்து, எல்லா அடுப்புத் திருகும் மூடியிருக்கும்போதே ஒவ்வொரு ஜாயிண்ட்டுலயும் சோப்பு நுரை தடவிப் பாக்கணும், முட்டை விடாம இருந்தா சரி. தீக்குச்சி வச்சு பாக்கறேன்னு யாராவது சொன்னா அந்த ஆள வெளிய அனுப்புங்க. பழைய ஹோஸ தூக்கிப் போடாம என் ரூம் வாசல்ல வைங்க, மேனேஜருக்கு காட்டணும்.

கெஸ்ட்டுங்க கேட்டா உள்ளத சொல்லிடுங்க, ராத்திரி கேஸ் கசிஞ்சுது, மூடியாச்சு, மெக்கானிக் வர்றாருன்னு. சாக்கடை நாத்தம்னு மழுப்ப வேணாம், ராத்திரி தூக்கத்த விட்டு திண்ணைல உக்காந்திருந்தவங்க அவங்க.

நான் 6 மணிக்கு போக மாட்டேன், காலை சூப்பர்வைசர் தம்பி வந்து நேர்ல நின்னு வால்வுத் துணிய பாத்துட்டு இங்க கீழ கையெழுத்து போட்டப்புறம்தான் கிளம்புவேன். கிச்சன் பின்வாசல் சாவி என் கைல இருக்கு, தம்பி கைல மட்டும்தான் குடுப்பேன்.

- நைட் டூட்டி சூப்பர்வைசர், 5.50