ஜெர்மன் ட்ராயிங் தமிழ்ல: ஷாஃப்ட், 1 ஷீட்

முருகண்ணே, நீங்க போட்டோ அனுப்புன ட்ராயிங்ல எழுத்த மட்டும் தமிழ்ல மாத்திருக்கேன், நம்பர்ல கை வைக்கல.

கீழ வலது மூலைக் கட்டம்: பேரு டிரைவ் ஷாஃப்ட். மெட்டீரியல் C45 (1.0503). ஸ்கேல் 1:1, ஆனா போட்டோ சாய்வா இருக்கு, அதுல ஸ்கேல் வச்சு அளந்துடாதீங்க. டாலரன்ஸ் போடாத அளவுக்கெல்லாம் ISO 2768-mK. ஷீட் 1, மொத்தமே 1தான்.

நோட்ஸ்:
1. அளவெல்லாம் மில்லிமீட்டர்ல.
2. பேரிங் உக்கார்ற எடம் Ø25 h6 (0 / −0,013), கிரைண்டிங், Ra 0,8.
3. கீவே அகலம் 8 P9 (−0,015 / −0,051), ஆழம் 4 +0,2.
4. அளவு போடாத முனையெல்லாம் 0,5 × 45° சாம்ஃபர், பிசிறு இருக்கக்கூடாது.
5. பேரிங் எடம் மட்டும் இன்டக்ஷன் ஹார்டனிங், 55 +4 HRC. 55க்கு கீழ போகக்கூடாது, 59 வரைக்கும் ஓகே.
6. சென்டர் ஹோல் ஃபினிஷ் ஆன பீஸ்ல இருந்துட்டுப் போகலாம்.

ஒண்ணு மட்டும் பையன்கிட்ட சொல்லிடுங்க, கமா போட்டிருக்கறது புள்ளிதான், 0,013ன்னா 13 மைக்ரான், அவங்க ஊர்ல அப்படித்தான் எழுதுவாங்க, அதான் நானும் மாத்தாம விட்டுட்டேன். 3ல ரெண்டாவது நம்பர் போட்டோல மங்கலா இருந்துச்சு, P9 டேபிள்ல பாத்தேன், −0,051தான்.