கோஹார்ட், கேஸ்-கண்ட்ரோல், குறுக்குவெட்டு: ஒரே அட்டவணை

இன்றைய கம்யூனிட்டி மெடிசின் வகுப்பை நம் பேட்ச்சுக்காகச் சுருக்கியிருக்கிறேன். புகையிலை உதாரணம் முதல் இரண்டுக்கும் பொருந்துவதால் அதையே எடுத்தேன்.

| | கோஹார்ட் | கேஸ்-கண்ட்ரோல் | குறுக்குவெட்டு |
|---|---|---|---|
| தொடக்கம் | காரணியிலிருந்து நோயை நோக்கி | நோயிலிருந்து காரணியை நோக்கி | இரண்டும் ஒரே நேரத்தில் |
| அளவீடு | நிகழ்வு வீதம், RR | OR மட்டும் | பரவல் |
| உதாரணம் | டால், ஹில்: 1951 முதல் 34,439 பிரிட்டிஷ் ஆண் மருத்துவர்கள் | அதே இருவர், 1950: லண்டன் மருத்துவமனைகளில் 709 நுரையீரல் புற்றுநோயாளிகள், 709 மற்ற நோயாளிகள் | NFHS-5, 2019–21: 15–49 வயதுப் பெண்களில் 57% பேருக்கு ரத்தசோகை |
| சாய்வு | பாதியில் விலகுவோர் | நினைவுச் சாய்வு, பெர்க்சன் சாய்வு | எது முந்தியது எனத் தெரியாது. நெய்மன் சாய்வு |
| அரிய நோய்க்கு | பொருந்தாது | மிகச் சிறந்தது | பொருந்தாது |

OR கணக்கைக் கையால் போட்டுப் பாருங்கள், அப்போதுதான் மனதில் நிற்கும். 1950 ஆய்வின் ஆண்களில், 649 புற்றுநோயாளிகளில் புகைக்காதவர் 2 பேர். ஒப்பீட்டுக் குழுவின் 649 பேரில் 27.

```
OR = (647 × 27) / (622 × 2) ≈ 14
```

இங்கே RR போடக்கூடாது. நோயாளிகள் எத்தனை பேர் என்பதை ஆய்வாளரே முடிவு செய்கிறார், அதனால் நிகழ்வு வீதம் கிடைக்காது. நான் பலமுறை குழம்பிய இடம் இதுதான்.

அப்புறம் பெர்க்சன் சாய்வு: ஒப்பீட்டுக் குழுவையும் மருத்துவமனையிலிருந்தே எடுத்தால், அவர்களில் சிலர் வந்த நோய்க்கும் புகையே காரணமாக இருக்கலாம். அப்போது OR உண்மையைவிடக் குறைவாகத் தெரியும்.